ஒரு சதுர மீட்டர் சுவருக்கு எத்தனை கல், எத்தனை லிட்டர் கலவை?

போன மாசி மாதம் சேலத்திலிருந்து அக்கா போன் செய்தார். மாடியில் இரண்டு அறை எடுக்கிறார்கள். மேஸ்திரியும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், பிளாக் விற்பவரும் வந்து போயிருக்கிறார்.

"தம்பி, மேற்குச் சுவருக்கு மட்டும் செங்கல் ஆயிரத்து நூறு வேணும்னு மேஸ்திரி சொல்றார். பிளாக்காரர் எண்பத்தஞ்சு போதும்ங்கறார். ரெண்டும் ஒரே சுவருக்குத்தானா?"

ஒரே சுவருக்குத்தான் அக்கா, இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்றேன். அவருக்கு அது போதவில்லை. "அப்போ சிமென்ட், மணல் யாருக்கு எவ்வளவு போகும்? அதை மட்டும் ரெண்டு பேரும் சொல்லவே மாட்டேங்கறாங்களே" என்றார். கட்டட மேற்பார்வையில் இத்தனை வருடம் இருந்தும், வீடு கட்டுகிறவர்கள் கல்லின் விலையைக் கேட்டுத்தான் பார்த்திருக்கிறேன். கலவையின் அளவை யாரும் கேட்பதில்லை. அக்கா கேட்டார். அன்று இரவு உட்கார்ந்து அவருக்காகப் போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவரைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தூண்களுக்கு இடையில் 4 மீட்டர் நீளம், தளத்திலிருந்து பீமின் அடி வரை 3 மீட்டர் உயரம். 1.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலைக் கழித்தால் 10.2 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 110 சதுர அடி. பாரத்தைத் தூண்களும் பீம்களும் தாங்குவதால் சுவரின் வேலை அடைப்பது மட்டுமே.

சதுர அடியை விட்டுவிட்டுச் சதுர மீட்டரில் பேசக் காரணம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் அது சரியாக ஒரு லிட்டர். இது ஒன்று மனதில் நின்றால் கலவைக் கணக்கு முழுவதும் விரல் நுனிக்கு வந்துவிடும். 220 மில்லிமீட்டர் கனமுள்ள சுவர், சதுர மீட்டருக்கு 220 லிட்டர். அதில் கற்கள் எத்தனை லிட்டர் என்று கழித்தால் மிச்சம் கலவை. பூச்சு 12 மில்லிமீட்டர் என்றால் 12 லிட்டர்.

கணக்கின் வழி இவ்வளவுதான்:

```
N = k / ((L + j) × (H + j))
M = T − N × L × B × H
```

L, B, H என்பவை கல்லின் நீளம், அகலம், உயரம். j கலவை ஜாயிண்டின் கனம். T சுவரின் கனம். எல்லாவற்றையும் மீட்டரில் போட வேண்டும். நாலரை இஞ்ச் சுவருக்கும் பிளாக் சுவருக்கும் k என்பது 1. ஒன்பது இஞ்ச் சுவரில் இரண்டு கல் கனம் இருப்பதால் 2. N ஒரு சதுர மீட்டருக்கான கற்களின் எண்ணிக்கை. M கலவை, கன மீட்டரில். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர்.

இதில் போடும் அளவு விற்பவர் வாயால் சொல்லும் அளவாக இருக்கக் கூடாது. சேம்பர் செங்கலை "ஒன்பதுக்கு நாலரைக்கு மூணு" என்பார்கள். கையில் டேப் வைத்துப் பார்த்தால் அப்படி இருக்காது. சூளையில் கல் வற்றும். வெந்த கல் கொஞ்சம் அதிகமாகவும் வேகாத கல் குறைவாகவும் வற்றும். அதனால் ஒரு கல்லை அளந்து பயனில்லை. செங்கலுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1077-உம் 20 கல்லை வரிசையாக ஒட்டி வைத்து மொத்தமாகத்தான் அளக்கச் சொல்கிறது. அக்கா வீட்டு வாசலில் மாதிரிக்கு இறக்கியிருந்த கல்லில் 20 எடுத்து நீளவாக்கில் அடுக்கினோம். 4.40 மீட்டர். அகலவாக்கில் 2.10. உயரவாக்கில் 1.40. ஆக, சராசரிக் கல் 220க்கு 105க்கு 70 மில்லிமீட்டர்.

10 மில்லிமீட்டர் ஜாயிண்ட் வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்பது இஞ்ச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 108.7 கல் வருகிறது. சதுர அடிக்குப் பத்து கல் என்று மேஸ்திரிகள் வாய்க்கணக்காகச் சொல்வது இதுதான். 10.2 சதுர மீட்டருக்கு 1,109. அக்காவின் மேஸ்திரி கணக்கில் தவறில்லை.

கலவை 44 லிட்டர் வருகிறது. அதாவது அந்தச் சுவரில் இருக்கும் கலவையை எல்லாம் பிரித்தெடுத்துச் சுவர் மேலேயே அப்பினால் 44 மில்லிமீட்டர் கனத்துக்கு நிற்கும். அதில் 27.5 லிட்டர், வரிக்கு வரி கிடையாகப் போடும் படுக்கைக் கலவை மட்டும். மீதி, செங்குத்து ஜாயிண்டுகளிலும் சுவரின் நடுவில் இரு கல்லுக்கு இடையிலும் இருப்பது.

இதோடு கல்லின் மேல் பெயர் பதித்த குழியையும் சேர்க்க வேண்டும். 100க்கு 40க்கு 10 மில்லிமீட்டர் குழி என்றால் 40 மில்லிலிட்டர் பிடிக்கும். ஒரு கல்லுக்கு அது அற்பம்தான், ஆனால் 108 கல்லுக்கு 4.3 லிட்டர். குழி மேலே பார்க்கக் கல்லை வைத்தால் அது தானாக நிரம்பும். கலவையை மிச்சம் பிடிக்கக் குழியைக் கீழே கவிழ்த்து வைப்பவர்கள் உண்டு. அப்போது கல்லுக்கு அடியில் காற்றுதான் இருக்கும். கட்டும்போது ஒரு வரியை நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆக, இந்தச் சுவருக்கு 1,109 செங்கல், 495 லிட்டர் கலவை. ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இதற்குச் சிமென்ட் எவ்வளவு? ஈரக் கலவைக்குத் தேவையான உலர் சரக்கு அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். தண்ணீர் விட்டதும் மணலின் இடைவெளிகளுக்குள் சிமென்ட் இறங்கி மொத்தமும் அமர்ந்துவிடும். 495 லிட்டருக்கு 658 லிட்டர் உலர் சரக்கு. அதில் ஏழில் ஒரு பங்கு சிமென்ட், 94 லிட்டர். லிட்டருக்கு 1.44 கிலோ என்று எடுத்தால் 135 கிலோ. மூட்டைக் கணக்கில் 2.7. எம்-சாண்ட் 564 லிட்டர், 20 கன அடி. கீழே சிந்துவது, சாயங்காலம் மிஞ்சுவது என்று இதன் மேல் பத்து, பதினைந்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது காகிதத்துச் சுவர். நிஜச் சுவரில் 10 மில்லிமீட்டர் ஜாயிண்ட் நிற்பது அபூர்வம். அதே வாரம் நான் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வேலையில், அதே அளவுச் சேம்பர் கல்லில் எழுப்பிய சுவரைப் பத்து வரி அளந்தேன். 70 கல்லும் 10 கலவையும் சேர்ந்தால் பத்து வரிக்கு 80 சென்டிமீட்டர் வர வேண்டும். டேப் 85 காட்டியது. வரிக்கு 15 மில்லிமீட்டர் கலவை.

"ஏன் அண்ணே இவ்வளவு தடிப்பு?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"சார், கல்லு ஒண்ணு போல ஒண்ணு இல்ல. ஒண்ணு குண்டா இருக்கு, ஒண்ணு சப்பையா இருக்கு. கலவையிலதான் மட்டம் பிடிச்சாகணும். நூல் கட்டிட்டு வேற என்ன பண்றது?"

அவர் சொன்னது உண்மை. 65-இலிருந்து 75 வரை மாறுகிற கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேல்மட்டம் நேராக வர வேண்டும் என்றால், சப்பைக் கல்லுக்கு அடியில் 15, 20 என்று போட்டுத்தான் ஆக வேண்டும். கொத்தனாரின் சோம்பல் இதில் எதுவும் இல்லை, சூளையின் கோணல் சுவரில் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். 15 மில்லிமீட்டர் ஜாயிண்டில் கல் 108.7-இலிருந்து 100 ஆகக் குறைகிறது. நடு ஜாயிண்டும் 15 ஆகிச் சுவர் 225 மில்லிமீட்டர் கனமாவதால், கலவை 44 லிட்டரிலிருந்து 63 ஆக ஏறுகிறது. அக்காவின் சுவரில் வைத்துப் பார்த்தால், கல் 88 மிச்சம். கலவை, குழியையும் சேர்த்து 495-க்குப் பதில் 685 லிட்டர். கூடுதலான 190 லிட்டருக்கு ஒரு மூட்டைக்குச் சற்று மேல் சிமென்டும், 217 லிட்டர் எம்-சாண்டும் போகும். கல் பத்து ரூபாய், சிமென்ட் மூட்டை நானூறு, எம்-சாண்ட் கன அடி அறுபது என்று வைத்துப் பார்த்தேன். கல்லில் மிஞ்சியது 880 ரூபாய். கலவையில் கூடியது ஏறத்தாழ அதே தொகை. பணத்தில் சரிக்குச் சரி, சுவரில் நஷ்டம். ஆறுக்கு ஒன்று கலவை செங்கலைவிட வலுக்குறைந்தது. அது தடிக்கத் தடிக்கச் சுவரின் தாங்கும் திறன் குறையும், காயும்போது சுருங்குவதும் கூடும். கல் குறைவாகப் பிடித்தது என்று சந்தோஷப்படும் முன் பத்து வரியை அளந்து பாருங்கள்.

அடுத்தது ஃப்ளை ஆஷ் கல். சேலத்துக்காரர்களுக்கு இது அந்நியமான பொருள் கிடையாது. மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பக்கத்திலேயே கிடைப்பதால் சுற்று வட்டாரத்தில் இந்தக் கல் போடும் பட்டறைகள் நிறைய. சாம்பல், கிரஷர் துகள், சிமென்ட் அல்லது சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்து அச்சில் அழுத்தி எடுப்பது. சூளை இல்லை. அதனால் கல்லுக்குக் கல் அளவு மாறாது. கொத்தனார் 10 மில்லிமீட்டர் என்றால் 10-இலேயே நிறுத்த முடியும். இந்தக் கல்லின் உண்மையான லாபம் அதுதான்.

230க்கு 110க்கு 75 அளவுக் கல்லுக்குக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 98 கல். கலவை 44 லிட்டர். ஆம், செங்கல் சுவரின் அதே 44. கல் சற்றுப் பெரியது, சுவரும் சற்றுக் கனமானது, இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. "ஃப்ளை ஆஷ் கல்லில் கலவை பாதிதான் ஆகும்" என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். நேர்த்தியான 10 மில்லிமீட்டர் செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் மிச்சம் குழிக்கான நாலு லிட்டர் மட்டுமே. வேலையிடத்தில் நடக்கும் 15 மில்லிமீட்டர் சுவரோடு ஒப்பிட்டால்தான் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. அக்காவின் சுவருக்குச் சரியாக ஆயிரம் கல், 449 லிட்டர் கலவை, சிமென்ட் இரண்டரை மூட்டை.

அக்காவுக்கு வந்த ஃப்ளை ஆஷ் விலைகளில் ஒன்று, மற்றதைவிடக் கல்லுக்கு ஒரு ரூபாய் குறைவு. ஆயிரம் கல்லுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அத்தான் அதற்கே சாய்ந்துவிட்டார். அளவைக் கேட்டேன். "ஒன்பதுக்கு நாலுக்கு மூணு." மில்லிமீட்டரில் 230க்கு 100க்கு 75. நீளமும் உயரமும் அதேதான். அகலம் மட்டும் 10 மில்லிமீட்டர் குறைவு.

அந்தப் 10 மில்லிமீட்டர் எங்கே போகும்? ஒன்பது இஞ்ச் சுவரில் ஒரு வரியில் கற்கள் நீளவாக்கில் இரண்டு வரிசையாகப் படுக்கும், அடுத்த வரியில் குறுக்கே படுக்கும். குறுக்குக் கல்லின் நீளம் 230 என்பதால் சுவர் 230. நீளவாக்கு வரியில் 100-உம் 100-உம் வைத்தால் நடுவில் 30 மில்லிமீட்டர் பள்ளம். குறுக்கு வரியிலோ, மேல் கீழ் இணைப்புப் பிசகாமல் இருக்க, கல்லுக்குக் கல் 20 மில்லிமீட்டர் விட வேண்டியிருக்கிறது. எல்லாமே கலவையால் அடைபட வேண்டிய இடம். கல் எண்ணிக்கை அதே 98. கலவை மட்டும் 44-இலிருந்து 61 லிட்டர். அக்காவின் சுவரில் 172 லிட்டர் கூடுதல், அதாவது 47 கிலோ சிமென்டும் ஏழு கன அடி எம்-சாண்டும். அதே விலையில் ஏறக்குறைய 790 ரூபாய். ஆயிரம் மிச்சம் என்றது இருநூறு ஆகிவிட்டது. அந்தக் கலவையைக் கலக்கி மாடிக்குச் சுமக்கும் சித்தாளின் கூலியில் அந்த இருநூறும் போய்விடும். அதைவிட மோசம், அவசரத்தில் நடுப்பள்ளத்தை நிரப்பாமலே மேல் வரியை மூடிவிட்டால், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. மழைத் தண்ணீருக்கு அது தனிப் பாதை.

கல்லின் நீளம், இரண்டு அகலமும் ஒரு ஜாயிண்டும் சேர்ந்த அளவுக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். 230க்கு 110 என்றால் 110, 110, 10. பொருந்துகிறது. 220க்கு 105-உம் பொருந்துகிறது. 230க்கு 100 ஒன்பது இஞ்ச் சுவருக்குப் பொருந்தவில்லை. நாலு இஞ்ச் தடுப்புச் சுவருக்கு மட்டும் என்றால் அந்தக் கல்லில் குறை ஒன்றும் இல்லை.

ஃப்ளை ஆஷ் கல்லில் இன்னொன்றைப் பார்த்துதான் இறக்க வேண்டும், அது கல்லின் வயது. வெயிலில் காய்ந்து சாம்பல் நிறம் வெளுத்திருந்தால் பழகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அச்சிலிருந்து எடுத்து மூன்று வாரமாவது தண்ணீர் காட்டி வைத்திருக்க வேண்டும். இளங்கல் சுவருக்குள் போன பிறகும் சுருங்கும். சில மாதத்தில் பூச்சின் மேல் செங்குத்தாக மயிரிழை விரிசல் வரும். நகத்தால் ஓரத்தைக் கீறினால் பொடி உதிர்கிறதா, இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இனி ஏஏசி பிளாக். சிமென்ட், சுண்ணாம்பு, அரைத்த மணல் அல்லது சாம்பல் கலந்த குழம்பில் துளியளவு அலுமினியத் தூள் போடுவார்கள். அது சுண்ணாம்போடு சேர்ந்து ஹைட்ரஜனை விட, தோசை மாவு போல் குழம்பு பொங்கும். பொங்கியதைக் கம்பியால் அறுத்து, அழுத்த நீராவியில் வேக வைப்பார்கள். சுவீடனில் 1920-களில் யோஹான் ஆக்சல் எரிக்சன் கண்டுபிடித்த முறை. கம்பியால் அறுப்பதால் அளவு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கும். கீழே வரும் கணக்கு முழுவதும் இந்த ஒரு குணத்தில் தொங்குகிறது.

600க்கு 200 முகம், 200 கனம். சதுர மீட்டருக்கு 8.17 பிளாக். அக்காவின் சுவருக்கு 84. ஓரத்துக்கும் ஜன்னலுக்கும் அறுப்பதில் வீணாவதைச் சேர்த்தால் 88. பிளாக்காரர் சொன்ன எண்பத்தைந்தும் சரிதான்.

கலவையை இரண்டு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமான சிமென்ட் கலவையை 10 மில்லிமீட்டருக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 12.7 லிட்டர். பிளாக்குக்கு என்றே வரும் ஒட்டுக்கலவையை 3 மில்லிமீட்டருக்குத் தடவினால் 3.9 லிட்டர். செங்கலின் 44 லிட்டர், பிளாக் பெரிதாக இருப்பதால் மட்டும் 13-க்கு வந்தது. ஜாயிண்ட் மெலிந்ததால் 13 மறுபடியும் 4-க்கு வந்தது. இரண்டு படி. முதல் படி பிளாக் வாங்கினாலே வந்துவிடும். இரண்டாவது படி கொத்தனாரின் கையில் இருக்கிறது.

நிறைய வீடுகளில் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். நான் பின்னால் போய்ப் பார்க்க நேர்ந்த ஒரு வீட்டில் பிளாக்கை வாங்கிவிட்டு, ஒட்டுக்கலவை மூட்டை விலை அதிகம் என்று ஆறுக்கு ஒன்று சிமென்ட் கலவையிலேயே கட்டியிருந்தார்கள். பிளாக்கின் மேற்பரப்பு ஸ்பாஞ்சு மாதிரி. காய்ந்த பரப்பில் கலவையைப் போட்டதும் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும்; சிமென்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. அதற்குப் பயந்து பிளாக்கைச் செங்கல் போலத் தொட்டியில் ஊற வைத்துவிட்டார்கள். ஊறிய பிளாக் சுவருக்குள் காயும்போது சுருங்கியது. முதல் கோடையிலேயே ஜாயிண்டை ஒட்டிப் படிக்கட்டுப் போல விரிசல். ஒட்டுக்கலவையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் கலந்தே வருகிறது. 3 மில்லிமீட்டரிலும் அது இறுகுவது அதனால்தான். பிளாக்கின் தூசியை ஈரப் பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

சதுர மீட்டருக்கு 3.9 லிட்டர் என்பது கிலோவில் சுமார் 6. அக்காவின் சுவருக்கு 60 கிலோ, 40 கிலோ மூட்டையில் ஒன்றரை. அதோடு முதல் வரிக்கு அடியில் மட்டும் சிமென்ட் கலவை வேண்டும். தளம் எங்குமே மட்டமாக இருக்காது. 3 மில்லிமீட்டரில் அந்த மேடுபள்ளத்தைச் சரிக்கட்ட முடியாது. 4 மீட்டருக்குச் சராசரி 20 மில்லிமீட்டர் என்று வைத்தால் 16 லிட்டர். இந்த முதல் வரியை ரசமட்டம் வைத்து நிதானமாகப் பிடிப்பதில்தான் சுவர் முழுவதும் இருக்கிறது. அங்கே ஐந்து மில்லிமீட்டர் பிசகினால் மேலே எந்த வரியிலும் திருத்த இடம் கிடையாது, திருத்தப் போனால் ஜாயிண்ட் தடிக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? ஐந்து வரி அளந்தால் 101.5 சென்டிமீட்டர் வர வேண்டும். 105 வந்தால் 10 மில்லிமீட்டர் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஒட்டுக்கலவையைக் கரணையால் அள்ளி வைப்பதும் கூடாது. பல் வைத்த கரண்டியால் இழுத்தால் கோடு கோடாக ஒரே கனத்தில் விழும். அதன் மேல் பிளாக்கை வைத்து ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். செங்குத்துப் பக்கத்திலும் தடவ வேண்டும். அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் கோடாகத் தெரியும்.

உள் தடுப்புச் சுவர்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. நாலரை இஞ்ச் செங்கல் சுவருக்கு 54 கல், குழியோடு 19 லிட்டர். ஃப்ளை ஆஷ் 49 கல், 17 லிட்டர். 100 மில்லிமீட்டர் பிளாக் அதே 8.17, இரண்டு லிட்டர்.

பூச்சையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுவும் கலவைதான். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரில் ஒரு முகம்தான் நூலுக்கு நேராக வரும். கல்லின் நீளம் கூடிக் குறைவதெல்லாம் மறுமுகத்தில் போய்ச் சேரும். அந்த முகத்துக்கு 12 மில்லிமீட்டர் பூச்சு போதாமல் 20 ஆகிறது. எட்டு மில்லிமீட்டர் கூடினால் சதுர மீட்டருக்கு எட்டு லிட்டர். அக்காவின் சுவரில் 82 லிட்டர். அது ஏஏசி சுவரை எழுப்பத் தேவையான ஒட்டுக்கலவையைப் போல இரண்டு மடங்கு.

அத்தானிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, முடிவை எடையில் வைத்து எடுக்கச் சொன்னேன். கீழ்வீடு ஏற்கெனவே நிற்கிறது. மாடியில் அறைகளின் அமைப்பு கீழே இருப்பது போல் இல்லை, இரண்டு தடுப்புச் சுவர்கள் பீம் இல்லாத தளத்தின் மேலே வருகின்றன. நாலரை இஞ்ச் செங்கல் சுவர் மூன்று மீட்டர் உயரத்துக்கு, ஓடு மீட்டருக்குப் பூச்சு இல்லாமலே 600 கிலோ. 100 மில்லிமீட்டர் பிளாக் சுவர் 210 கிலோவை ஒட்டி. இந்த வித்தியாசத்துக்கு முன்னால் கல் விலை, கலவை விலை எல்லாம் இரண்டாம் பட்சம். மாடிச் சுவர்கள் ஏஏசி என்று முடிவானது. மழையும் வெயிலும் நேராக அடிக்கும் கைப்பிடிச் சுவருக்கும், எப்போதும் ஈரம் இருக்கும் குளியலறைப் பகுதிக்கும் 230க்கு 110க்கு 75 ஃப்ளை ஆஷ் கல். தரைக்குக் கீழேயும் ஈரம் ஏறும் இடத்திலும் பிளாக்கை வைக்க நான் ஒப்ப மாட்டேன். சமையலறையில் கனமான அலமாரி மாட்டப்போகிறவர்களும் சாதாரண ஆணியை நம்பக் கூடாது, பிளாக்குக்கு என்றே தனி பிளக் வாங்க வேண்டும்.

பிளாக்கைக் கன மீட்டர் கணக்கில் விற்பார்கள். 200 மில்லிமீட்டர் பிளாக் கன மீட்டருக்கு 41.7, 100 மில்லிமீட்டர் 83.3. வண்டியிலிருந்து இறக்கும்போது அக்காவே நின்று எண்ணினார். ஒரு நடைக்கு நான்கு பிளாக் உடைந்திருந்தது, குறித்துக் கொடுத்து மாற்றி வாங்கினார்.

மேற்குச் சுவர் இரண்டே நாளில் எழுந்தது. 86 பிளாக் பிடித்தது. ஒட்டுக்கலவை இரண்டு மூட்டை பிரித்து, இரண்டாவதில் கால் பங்கு மிஞ்சியது. என் கணக்கைவிடப் பத்து கிலோ அதிகம். வாளியில் இறுகிப் போனதும் கீழே விழுந்ததும் அந்தப் பத்து கிலோவில் இருக்கிறது. தூணுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, பிறகு அடைத்து, மேலே வலை கட்டிப் பூசியிருக்கிறோம்.

நீங்கள் எந்தக் கல்லைத் தேர்ந்தாலும் சரி, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் 20 கல்லை வாங்கிவந்து வாசலில் வரிசையாக அடுக்கி, மூன்று பக்கமும் டேப் பிடித்து அளந்து, அந்த அளவைப் போட்டுக் கணக்கைப் பாருங்கள். உங்கள் சுவரின் நீளம், உயரம், கல்லின் அளவு மூன்றையும் எழுதி அனுப்பினால் நானும் போட்டுத் தருகிறேன்.